காலி மனையைச் சுத்தம் செய்ததும் துப்பாக்கி வன்முறை குறைந்தது. எந்தக் கோட்பாட்டின் கணக்கில் எழுதுவது?

நிலவரசு

குற்றவியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு அத்தியாயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது ரொட்டீன் ஆக்டிவிட்டி தியரி. 1979இல் லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் சொன்னது. குற்றம் செய்யத் துணிந்த ஒருவன், அவன் கைக்குத் தோதான ஒரு பொருளோ ஆளோ, தடுக்க யாரும் இல்லாத நேரம். மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் குற்றம் நடக்கும். மனிதர்களின் அன்றாடப் போக்குவரத்துதான் அந்தச் சந்திப்பை உண்டாக்குகிறது என்கிறார்கள். இரண்டாவது, 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய 'உடைந்த ஜன்னல்'. ஒரு ஜன்னல் உடைந்தபடியே கிடந்தால் அங்கே கேட்பாரில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், சின்ன அத்துமீறலைப் பார்த்துப் பெரியது வரும் என்பது வாதம்.

தனித்தனியாகப் படிக்கும்போது இரண்டும் புரிகிறது. ஃபிலடெல்ஃபியா ஆய்வுக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன். அந்த நகரத்தில் 541 காலி மனைகளைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பக்கத்து மனைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பிரிவில் குப்பையை அள்ளி, தரையைச் சமன் செய்து, புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். இன்னொரு பிரிவில் குப்பை அள்ளிப் புதர் வெட்டியதோடு சரி. மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருக்கிறது.

இதை நான் எந்தக் கோட்பாட்டுக்கான சான்றாக எழுதுவது? இரண்டு பக்கமும் உரிமை கொண்டாட முடியும் போலிருக்கிறது.

கடற்காகம்

இதில் குழப்பமே இல்லை, உடைந்த ஜன்னல்தான். நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் போலீஸ் கமிஷனராக வந்த பிராட்டன், சுவரில் கிறுக்குவது, பொது இடத்தில் குடிப்பது, சுரங்க ரயிலில் டிக்கெட் இல்லாமல் தாண்டிக் குதிப்பது எல்லாவற்றுக்கும் பிடித்தார். கொலைகள் மளமளவென்று சரிந்தன. சின்னதைச் சரிசெய்தால் பெரியது தானாகக் குறையும். காலி மனையும் அதே கதைதான்.

தெருவிளக்கு

கடற்காகம் சார், நியூயார்க்கில் குற்றம் குறைந்தது உண்மை. காரணம் அதுதான் என்பதில்தான் சிக்கல். அந்நகரில் கொலைகள் உச்சத்தில் இருந்தது 1990இல், அந்த ஆண்டு 2,245. பிராட்டன் கமிஷனர் நாற்காலியில் உட்காரும் முன்பே எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. அதே பத்தாண்டில் சான் டியேகோ போன்ற நகரங்கள், அப்படிக் கைது வேட்டை நடத்தாமலே பெரிய சரிவைக் கண்டன. ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இறங்கிய ஒன்றுக்கு ஒரு நகரத்தின் நடவடிக்கையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஃபிலடெல்ஃபியா ஆய்வுக்கு மதிப்பு வருவதே இதனால்தான். குலுக்கல் முறையில் பிரித்ததால், நகரம் முழுக்க எது மாறினாலும் மூன்று பிரிவுக்கும் சமமாகத்தான் மாறியிருக்கும்.

நிலவரசு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'குற்றம் குறைந்தது' என்பதோடு நின்றால் பதில் கிடைக்காது. எந்தக் குற்றம், யார் கண் முன்னால், எந்த நேரத்தில் குறைந்தது என்று பார்க்க வேண்டும். இரண்டு கோட்பாடுகளும் பிரிவது அங்கேதான்.

அந்த மனைகள் முன்பு எப்படி இருந்தன என்று யோசியுங்கள். ஆள் உயரத்துக்குப் புதர், கைவிட்ட மெத்தை, டயர், உடைந்த கண்ணாடி. துப்பாக்கி வைத்திருப்பவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நிற்பதில்லை, சோதனையில் சிக்கினால் சிறை. புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வான். புதரை வெட்டினால் அந்த மறைவிடம் போய்விடும். தெருவில் வாய்த்தகராறு வரும்போது நாலு எட்டில் ஆயுதம் கிடைக்காது. இதில் 'கேட்பாரில்லை' என்ற சமிக்ஞைக்கு வேலையே இல்லை. வாய்ப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இது ஃபெல்சன் பக்கம்.

ஆனால் அதே ஆய்வில் வீடு புகுந்து திருடுவதும் அந்தப் பகுதிகளில் சுமார் 22 சதவீதம் குறைந்தது. புதருக்குள் ஒளித்த துப்பாக்கியை வைத்து இதை விளக்க முடியாது. வேறு ஏதோ ஒன்றும் நடந்திருக்கிறது.

குறிஞ்சிமலர்

அந்த 'வேறு ஏதோ ஒன்று' மனிதர்களாக இருக்கலாம். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் பேட்டி எடுத்தார்கள் அல்லவா, அதில் ஓய்வாக உட்காரவும் பேசவும் வெளியிடத்தைப் பயன்படுத்துவது சுமார் 76 சதவீதம் கூடியது என்று வந்தது. வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் எதிர்வீட்டுப் பூட்டை யார் உடைப்பார்கள்? ஃபெல்சன் சொல்லும் காவலாள் என்பவர் போலீஸாகவோ வாட்ச்மேனாகவோ இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அது தற்செயலாக அங்கே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இருந்தாலும் உடைந்த ஜன்னல் பக்கத்தை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் இல்லை. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் 2008இல் வெளியான சோதனையைப் பாருங்கள். தபால் பெட்டியின் வாயில் ஒரு உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே 5 யூரோ நோட்டு இருப்பது கண்ணுக்குத் தெரியும். பெட்டி சுத்தமாக இருந்தபோது கடந்து போனவர்களில் 13 சதவீதம் பேர் எடுத்தார்கள். பெட்டியில் கிறுக்கல் இருந்தபோது 27 சதவீதம். அதே பெட்டி, அதே உறை, அதே நோட்டு. காவலாளோ பொருளோ மாறவில்லை, தோற்றம் மட்டும்தான் மாறியது. இதை வாய்ப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்?

தெருவிளக்கு

நல்ல சோதனை அது, நானும் மதிக்கிறேன். தோற்றம் மனிதர்களின் நடத்தையை மாற்றும் என்பதை அது காட்டுகிறது. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் 5 யூரோவை எடுப்பவரும், ஒருவரைச் சுடுபவரும் ஒரே ஏணியின் வெவ்வேறு படிகளில் நிற்கிறார்களா? வில்சன், கெல்லிங் வாதத்துக்கு அந்த ஏணி வேண்டும். அது இருப்பதாகக் காட்டுவதுதான் கடினம். ஒழுங்கின்மையைப் பார்ப்பதால் மக்கள் மேலும் வன்முறையாக நடக்கிறார்களா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓ'பிரையனும் கூட்டாளிகளும், 2019இல், அதற்கு நிலையான சான்று இல்லை என்றே எழுதினார்கள்.

வில்சனும் கெல்லிங்கும் தங்கள் கட்டுரையில் சுட்டிய, உளவியலாளர் ஸிம்பார்டோவின் கார் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் இல்லாமல், முன்மூடியைத் திறந்து, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு காரை விட்டுவைத்தார்கள். 10 நிமிடத்துக்குள் ஒரு அப்பா, அம்மா, சின்னப் பையன் வந்து ரேடியேட்டரையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அக்காட்சியை ஃபெல்சனிடம் காட்டினால், சொந்தக்காரன் இல்லாத பொருள், கழற்ற எளிது, தடுக்க ஆளில்லை என்பார். கோட்பாட்டுக்குச் சான்றாகக் காட்டப்படும் பல கதைகள் இப்படி இரண்டு பக்கமும் பொருந்தும்.

இளவேனில்

மன்னிக்கணும், நடுவில் வருகிறேன். நாங்கள் இருக்கும் குடியிருப்பில் சைக்கிள் தொடர்ந்து திருடு போகிறது. சங்கத்தில் இரண்டு கட்சி. முன்சுவர் முழுக்கக் கிறுக்கல், போஸ்டர் கிழிந்து தொங்குகிறது, அதைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்தால் திருடனுக்கு பயம் வரும் என்கிறார்கள் சிலர். கேமரா வைக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. இந்த இழையைப் படித்த பிறகு இன்னும் குழப்பமாகிவிட்டது. எதைச் செய்வது?

தெருவிளக்கு

இளவேனில், செலவுக்கு முன் மூன்று விஷயம் எழுதி வையுங்கள். எந்தச் சைக்கிள் நிறுத்தத்தில் இருந்து போனது, ஏறக்குறைய எந்த நேரத்துக்குள் போனது, பூட்டு எப்படிப்பட்டது. நேரம் தெரியாவிட்டால் கடைசியாகப் பார்த்த நேரத்தையும் காணவில்லை என்று தெரிந்த நேரத்தையும் குறித்தால் போதும்.

இளவேனில்

சங்கத்துக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாமே வேலை நாள், காலை பத்து முதல் மாலை நான்குக்குள். பெரும்பாலும் பின்வாசல் நிறுத்தம். போன வருடம் பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்கு வழியாக இருக்கட்டும் என்று பின்வாசலைத் திறந்துவிட்டோம். அப்போதே வாட்ச்மேனை முன்வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். கிறுக்கல் இருக்கும் முன்சுவர்ப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

கடற்காகம்

இது ஃபெல்சன் கதைதான், ஒப்புக்கொள்கிறேன். அசிங்கமான பக்கம் ஒன்றும் போகவில்லை, சுத்தமான பக்கம் போகிறது.

குறிஞ்சிமலர்

கொஞ்சம் பொறுங்கள். பின்வாசலில் எத்தனை சைக்கிள் நிற்கிறது, முன்வாசலில் எத்தனை நிற்கிறது? பெரும்பாலான சைக்கிள் பின்பக்கம்தான் நிற்கிறது என்றால், திருட்டும் பின்பக்கம்தான் இருக்கும், அதில் காவலுக்கோ சுவருக்கோ பங்கே இருக்காது. வகுத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

இளவேனில்

நேற்று மதியம் போய் எண்ணினேன். ஏறக்குறைய சமமாகத்தான் நிற்கிறது. முன்பக்கம் கொஞ்சம் கூடுதல்கூட.

தெருவிளக்கு

குறிஞ்சிமலர் கேட்டது மிக முக்கியமான கேள்வி. பலரும் விடுவது அதைத்தான். மதியம் எண்ணியதும் சரி, திருட்டு நடக்கும் நேரத்தில் நிற்கும் சைக்கிள்தானே கணக்கு.

அப்படியானால் இளவேனில், உங்கள் இடத்தில் மாறியது சுவர் இல்லை. மனிதர்கள் போகும் பாதை மாறியது. முன்பு அந்தப் பின்பக்கத்துக்கு வெளியாள் வந்தால் 'யார் நீ' என்று கேட்கக் காரணம் இருந்தது. இப்போது எல்லோரும் குறுக்கே போகிறார்கள், யாரையும் கேட்க முடியாது. வாட்ச்மேனும் இல்லை. பகலில் வீட்டுக்காரர்களும் இல்லை. கோஹனும் ஃபெல்சனும் 1979இல் அமெரிக்காவைப் பற்றிச் சொன்னதும் இதே வகைதான். போருக்குப் பின் வருமானம் கூடியது, படிப்பு கூடியது, அப்படியும் குற்றம் ஏறியது ஏன் என்பது அவர்கள் கேள்வி. பெண்கள் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் காலியாக இருந்தன என்றார்கள். பொருள்களும் தூக்கத் தோதாகிவிட்டன. விற்பனைப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார்கள்: 1960இல் மிக இலகுவான டிவி 38 பவுண்டு, 1970இல் 15 பவுண்டு. கெட்டவர்கள் கூடாமலேயே குற்றம் கூட முடியும் என்பதுதான் அவர்கள் காட்டியது.

கேமராவுக்கு முன், பகல் பத்து முதல் நான்கு வரை பின்வாசலை மூடிப் பாருங்கள், அல்லது வாட்ச்மேனை அந்த நேரத்துக்கு மட்டும் அங்கே நிறுத்துங்கள். குறிப்பேட்டைத் தொடருங்கள். முன்வாசலில் திருட்டு ஏறுகிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

சம்பத்_ரா

எல்லோரும் பூட்டு, வாசல், புதர் என்று பேசுகிறீர்கள். வேலையில்லாதவன் திருடுகிறான், பசித்தவன் திருடுகிறான் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போன பெண்களால்தான் குற்றம் கூடியது என்கிறீர்களா? இது பறிகொடுத்தவரையே குற்றவாளியாக்குவது.

நிலவரசு

சம்பத் சார், நான் கேட்டது ஒருவர் ஏன் திருடராகிறார் என்று இல்லை. குற்றம் ஏன் இந்த மூலையில் நடக்கிறது, அடுத்த மூலையில் நடப்பதில்லை என்பதுதான்.

தெருவிளக்கு

நிலவரசு சொன்னது சரி, ஆனாலும் சம்பத் சார் தொட்ட இடம் உண்மையிலேயே பலவீனமான இடம். ரொட்டீன் ஆக்டிவிட்டி, குற்றம் செய்யத் துணிந்தவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பதே இல்லை, அவன் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறது. பெண்கள் வேலைக்குப் போனதைப் பழி சொல்வதும் அதன் நோக்கம் இல்லை. மழை பெய்ததால் விபத்து கூடியது என்றால் மழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லையே.

வறுமைக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பை நேராகச் சோதித்தவர்கள் சாம்ப்சனும் ராடன்புஷ்ஷும். 1995இல் சிகாகோவில் ஒரு வண்டியின் இரு பக்கமும் வீடியோ கேமராவைப் பொருத்தி, மெதுவாக ஓட்டி, 23,000க்கும் மேற்பட்ட தெருத் துண்டுகளைப் படமெடுத்தார்கள். குப்பை, கிறுக்கல், கைவிட்ட கார், வெளியே நின்று குடிப்பவர்கள் எல்லாவற்றையும் எண்ணினார்கள். ஒழுங்கின்மை கூடிய இடத்தில் குற்றமும் கூடத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பகுதியின் வறுமையையும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, பிள்ளைகள் தவறாக நடந்தால் தலையிடுவார்களா என்பதையும் கணக்கில் சேர்த்ததும், பெரும்பாலான குற்றங்களில் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. வழிப்பறியில் மட்டும் தங்கியது. அதாவது குப்பை குற்றத்தை உண்டாக்கவில்லை, இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது அவர்கள் முடிவு.

2004இல் இன்னொன்றும் எழுதினார்கள், எனக்கு அது மனதை உறுத்தும் கண்டுபிடிப்பு. கேமராவில் ஒரே அளவு குப்பை தெரியும் இரண்டு தெருக்களில், கறுப்பினத்தவர் அதிகம் வாழும் தெருவைத்தான் மக்கள் 'ஒழுங்கற்றது' என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஒழுங்கின்மையைக் கண்ணால் கண்டு போலீஸ் நடவடிக்கை எடுக்கட்டும் என்று விட்டால் அந்தக் கண் யாரைப் பார்க்கும் என்பதற்கு இது பதில்.

சம்பத்_ரா

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வேர் ஒன்று என்கிறீர்கள், அப்புறம் புல் வளர்த்து என்ன ஆகப்போகிறது? வறுமை அப்படியேதான் இருக்கும்.

குறிஞ்சிமலர்

அப்படியேதான் இருந்தது, அப்படியிருந்தும் துப்பாக்கி வன்முறை குறைந்தது. வேரைத் தொடாமலே ஒரு தெருவில் சில உயிர்கள் மிஞ்சினால் அதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன். வறுமையை ஒழிப்பது இன்னொரு வேலை, அதையும் செய்ய வேண்டியதுதான்.

தெருவிளக்கு சார், எனக்கு வேறு ஒரு சந்தேகம். ரொட்டீன் ஆக்டிவிட்டியை எப்படிப் பொய்யென்று காட்டுவது? குற்றம் நடந்த இடத்துக்குப் பிறகு போய் 'காவலாள் இல்லை' என்று சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்துமே. ஆள் இருந்தும் நடந்தால் 'திறமையான காவலாள் இல்லை' என்று சொல்லிவிடலாம்.

தெருவிளக்கு

நியாயமான குற்றச்சாட்டு. நடந்த பிறகு சொன்னால் அது விளக்கமே இல்லை. முன்கூட்டியே, இந்தச் சூழல் மாறினால் இந்த வகைக் குற்றம் இந்தப் பக்கம் நகரும் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திட்டமிடாமலே அப்படி ஒரு சோதனை மேற்கு ஜெர்மனியில் நடந்தது. 1980இல் ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் என்று கொண்டுவந்தார்கள். நோக்கம் விபத்துக் காயம், திருட்டு இல்லை. ஆனால் அந்த ஆண்டு ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986க்குள் சுமார் 54,000 ஆகிவிட்டது. போகிற போக்கில் வண்டியை எடுப்பவனிடம் ஹெல்மெட் இருக்காது, தெருமுனையிலேயே பிடிபடுவான். கார் திருட்டு அதற்கு ஈடாக ஏறவும் இல்லை. ஜெர்மனியில் சுவர்களோ வறுமையோ அந்த ஆறு ஆண்டுகளில் அவ்வளவு மாறியிருக்க வாய்ப்பில்லை.

நிலவரசு

அப்படியானால் ஃபிலடெல்ஃபியாவை ரொட்டீன் ஆக்டிவிட்டிக்கே எழுதிவிடலாமா?

தெருவிளக்கு

நான் அந்தப் பக்கம் சாய்கிறேன். என் சாய்வுக்குப் பெரிய காரணம் ஃபிலடெல்ஃபியா இல்லை, மாசசூசெட்ஸில் உள்ள லோவல் நகரம். பிராகாவும் பாண்டும் 2008இல் வெளியிட்ட ஆய்வு. குற்றம் குவிந்த 34 சிறிய இடங்களை இணை இணையாகச் சேர்த்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றில் மட்டும் போலீஸ் ஒழுங்கின்மையைக் குறைக்கும் வேலையைச் செய்தது. சின்னக் குற்றங்களுக்குக் கைது செய்தார்கள். காலி மனை சுத்தம், தெருவிளக்கு, கைவிட்ட கட்டடத்துக்குப் பூட்டு என்று இடத்தை மாற்றினார்கள். வீடற்றவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சேவை ஏற்பாடு செய்தார்கள். உதவி கேட்டு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு, எந்த வேலை எவ்வளவு பங்களித்தது என்று பிரித்துப் பார்த்தபோது, முதலிடம் இடத்தை மாற்றியதற்குத்தான். கைது பின்னால்தான் வந்தது. பெயர் என்னவோ ஒழுங்கின்மை ஒழிப்பு, பலன் தந்ததோ வாய்ப்பைக் குறைத்தது.

குறிஞ்சிமலர்

சாய்வதில் எனக்கும் ஆட்சேபமில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபிலடெல்ஃபியாவின் இரண்டாவது பிரிவை மறந்துவிட்டோம். புல், மரம், வேலி எதுவும் இல்லை, வெட்டி அள்ளியது மட்டும். அங்கேயும் துப்பாக்கிச் சூடு குறைந்தது. அழகால் இல்லை என்பது இதில் தெரிகிறது. ஆனால் மறைவிடம் போனதாலா, அல்லது மாதாமாதம் ஆள் வந்து வெட்டுவதைப் பார்த்து 'இதற்குக் கேட்பார் இருக்கிறார்' என்று தெரிந்ததாலா? வெட்டிய மனை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது.

பிரிக்க ஒரு வழி நேரம். வாசலில் உட்காரும் மனிதர்கள்தான் காரணம் என்றால், குறைவு மாலையில் இருக்க வேண்டும், பின்னிரவில் இருக்கக் கூடாது. மறைவிடம் போனதுதான் காரணம் என்றால் எந்த நேரத்திலும் குறைய வேண்டும், ஆனால் துப்பாக்கிக் குற்றங்கள் மட்டும். சமிக்ஞைதான் காரணம் என்றால் மனையைக் கடந்து போகும் எல்லோர் நடத்தையும் மாற வேண்டும், குப்பை போடுவது உள்பட.

கடற்காகம்

அதே ஆய்வில் தொல்லைப் புகார்களும் 30 சதவீதம் குறைந்தன என்று படித்தேன். அது சமிக்ஞை பக்கம் இல்லையா?

குறிஞ்சிமலர்

இருக்கலாம். மனிதர்கள் வெளியே உட்கார்ந்திருந்தாலும் தொல்லை குறையும். அதனால்தான் மணி வாரியாகப் பிரித்த கணக்கு வேண்டும் என்கிறேன்.

நிலவரசு

தேர்வில் இப்படி எழுதப்போகிறேன்: துப்பாக்கிக் குறைவில் மறைவிடம், வீட்டுத் திருட்டுக் குறைவில் அக்கம்பக்கத்தாரின் கண், சமிக்ஞைக்கு இடமுண்டு ஆனால் இந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது. மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

இளவேனில்

சங்கத்தில் பேசிவிட்டேன். நாளை முதல் பகலில் பின்வாசல் பூட்டு, சாவி வாட்ச்மேனிடம். பேருந்துக்குச் சுற்றிப் போக வேண்டியவர்கள் இப்போதே கோபமாக இருக்கிறார்கள். பெயின்ட் கட்சிக்காரர்கள், பணம் மிஞ்சியதால் சுவருக்கும் அடித்துவிடலாம் என்கிறார்கள்.

தெருவிளக்கு

சுவரை இரண்டு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று உங்களுக்கும் தெரியாமல் போகும்.